ஹட்டனில் ஒரு தையல் கடைக்கு 32,000 ரூபா விளம்பரம்: எந்த வழி ஆளைக் கடைக்குக் கூட்டி வந்தது?

அக்காவின் தையல் கடை ஹட்டன் நகரத்தில், மாடிப்படி ஏறிப் போக வேண்டிய ஒரு சின்ன அறை. இரண்டு மெஷின், உதவிக்கு ஒரு பிள்ளை. சாரி ப்ளவுஸ்தான் முக்கிய வேலை, கேட்பவர்களுக்கு ஆரி வேலையும் செய்து கொடுப்பார். 2024 தீபாவளிக்கு முதல் தடவையாகப் பணம் கொடுத்து விளம்பரம் செய்து பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். எது சரிவரும் என்று தெரியாததால், பணத்தை நான்காகப் பிரித்து நான்கு வழியிலும் போட்டோம். கணக்கு எழுதும் வேலை என்னுடையது. மலையகத்தில் இப்படி ஒரு சின்னக் கடை வைத்திருப்பவர்கள் எந்த வழியை எடுக்கலாம் என்று யோசிக்கும்போது உதவட்டும் என்றுதான், நட்டம் வந்த இடத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அந்த நான்கு வழிகள் இவை. ஒன்று, ஊரில் பலரும் செய்வதுபோல ஒரு முகவரிடம் பணத்தைக் கொடுத்துப் பேஸ்புக் பதிவை பூஸ்ட் பண்ணச் சொல்வது. இரண்டாவது, நாங்களே பேஸ்புக்கின் Ads Manager வழியாக, தொட்டால் வாட்ஸ்அப் திறக்கும் விளம்பரத்தை ஹட்டனைச் சுற்றிப் போடுவது. மூன்றாவது, அதே விளம்பரத்தைக் கொழும்பில் வேலை செய்யும் நம்மூர் ஆட்களுக்குப் போடுவது. நான்காவது, பழைய நோட்டீஸ்.

யார் எதைப் பார்த்து வந்தார்கள் என்று தெரியாவிட்டால் இந்த ஒப்பீட்டுக்கே அர்த்தமில்லை. "எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?" என்று கேட்டால் பாதிப் பேர் "பேஸ்புக்ல பார்த்தேன்" என்பார்கள், எதை என்று அவர்களுக்கே நினைவிருக்காது. அதனால் ஒவ்வொரு வழிக்கும் வேறு நிற ப்ளவுஸின் படத்தைப் போட்டோம். முகவருக்குச் சிவப்பு, ஹட்டனுக்குப் பச்சை, கொழும்புக்கு மஞ்சள், நோட்டீஸுக்கு நீலம். வருகிறவர்கள் "அந்தப் பச்சை ப்ளவுஸ் மாதிரி" என்று தாங்களாகவே சொல்லிவிடுவார்கள். அக்கா ஓடர் கொப்பியில் அளவுக்குப் பக்கத்தில் நிறத்தின் முதல் எழுத்தை எழுதினார். கூப்பன், குறியீடு எதுவும் தேவைப்படவில்லை.

முதலில் முகவர் வழி. 10,000 ரூபா கொடுத்தோம். அப்போது வங்கியில் டொலர் 300 ரூபா அளவில். அவர் ஒரு டொலருக்கு 400 எடுத்தார். அதாவது விளம்பரத்துக்குப் போனது 25 டொலர், மிச்சம் அவருடைய கூலி. கூலி எடுப்பதில் தப்பில்லை, அவர் அதை முன்கூட்டியே சொல்லியும்விட்டார். ஏழு நாள் கழித்து ஒரு ஸ்க்ரீன்ஷொட் வந்தது: 41,000 பேரைச் சென்றடைந்தது, 1,900 பேர் லைக், கொமென்ட் என்று ஏதோ செய்திருக்கிறார்கள். அக்காவுக்கு அன்று முழுக்கச் சந்தோஷம். கொப்பியில் சிவப்பு என்று விழுந்தது இரண்டே இரண்டு ஓடர்.

ஏன் அப்படி என்று பார்க்க, லைக் போட்டவர்களின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வவுனியா, கொழும்பு. முகவர் இலங்கை முழுவதையும் எடுத்து, மொழியில் தமிழ் என்று போட்டிருக்கிறார். விளம்பரத்தின் நோக்கமாகப் பதிவுக்கு ஈடுபாடு சேர்ப்பதைத் தேர்ந்திருக்கிறார். பேஸ்புக் நாம் எதைக் கேட்கிறோமோ அதை மலிவாகத் தேடிக் கொடுக்கும் இயந்திரம். லைக் வேண்டும் என்றால், எதைக் கண்டாலும் லைக் போடும் பழக்கமுள்ளவர்களைத் தேடிப் போகும். அவர்கள் ப்ளவுஸ் தைப்பார்களா, ஹட்டனுக்கு வருவார்களா என்பது அதற்குத் தேவையில்லாத விஷயம். ஒரு ஈடுபாட்டுக்கு 5 ரூபா என்பது பார்க்க அழகான கணக்கு. ஒரு ஓடருக்கு 5,000 ரூபா என்பதுதான் உண்மைக் கணக்கு.

முகவருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அவருடைய விளம்பரம் ஓடியது செப்டெம்பர் கடைசியில். தோட்டத்தில் சம்பளம் கைக்கு வருவது 10ஆம் திகதியை ஒட்டி. காசில்லாத வாரத்தில் ஓடிய விளம்பரத்தையும் காசுள்ள வாரத்தில் ஓடியதையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் லைக் போட்டவர்களில் பெரும்பாலானோர் ஹட்டனுக்கே வராதவர்கள் என்பதை எந்தச் சம்பள வாரமும் மாற்றியிருக்காது.

இரண்டாவது வழிக்கு வருவோம், இதில்தான் அதிகம் கற்றோம். உங்கள் பேரில் ஒரு விளம்பரக் கணக்கும், வெளிநாட்டு இணையக் கொடுப்பனவுக்கு வங்கி திறந்துவிட்ட ஒரு டெபிட் கார்டும் முக்கியமாகத் தேவை. நாளொன்றுக்குச் சுமார் 1,000 ரூபா, ஒக்டோபர் 8 முதல் 19 வரை 12 நாள், மொத்தம் 12,000 ரூபா. திரையில் தெரியும் தொகையை நான் எழுதவில்லை. வங்கிக் கூற்றில் கழிந்த ரூபாவைத்தான் எழுதினேன். இரண்டும் ஒன்றாக இருக்காது.

இடத்தைத் தேர்வதில் மலைநாட்டுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பேஸ்புக் வரைவது வட்டம், காகம் பறக்கும் தூரம். நம் பஸ் போவது வளைவுகளில். ஹட்டனைச் சுற்றி 40 கிலோமீற்றர் போட்டால் இரத்தினபுரி, பலாங்கொடை, கம்பளை எல்லாம் உள்ளே வந்துவிடும். இரத்தினபுரிக்காரர் ஹட்டனுக்கு வருவதென்றால் சிவனொளிபாத மலைத் தொடரைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். ஒரு ப்ளவுஸ் தைக்க யார் அப்படி வருவார்? நகரத்தின் பெயரைத் தட்டினால் குறைந்தது 17 கிலோமீற்றர் வட்டம்தான் கிடைக்கும். எங்களுக்கு அது பொருந்தியது. கொட்டகலை, தலவாக்கலை, டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை எல்லாம் அதற்குள் வருகின்றன, நுவரெலியா வராது. நுவரெலியாவில் தையல்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதற்காக ஏன் காசு கொடுக்க வேண்டும்? இதைவிடச் சின்ன வட்டம் வேண்டுமானால் வரைபடத்தில் ஊசி குத்தி ஒரு கிலோமீற்றர் வரைகூடச் சுருக்கலாம்.

மொழித் தேர்வில் நானும் ஒரு பிழை விட்டேன். தமிழ் ஆட்களுக்குத்தானே விளம்பரம் என்று மொழியில் தமிழைத் தேர்ந்தேன். பார்வையாளர் மதிப்பீடு உடனே பாதிக்கும் கீழே விழுந்தது. காரணம், அந்தத் தேர்வு ஒருவர் வீட்டில் பேசும் மொழியைப் பார்ப்பதில்லை, அவர் செயலியை எந்த மொழியில் வைத்திருக்கிறார் என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது. நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலருடைய போனில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழைத் தேர்ந்தால் வர வேண்டிய ஆட்களே விடுபட்டுப் போவார்கள். மொழியைக் காலியாக விட்டு, விளம்பர வாசகத்தைத் தமிழில் எழுதினேன். படிக்கத் தெரிந்தவர் நிற்பார், தெரியாதவர் தள்ளிவிட்டுப் போவார். விருப்பங்கள் என்ற பகுதியையும் அப்படியே விட்டேன். இவ்வளவு சின்ன வட்டத்துக்குள் மேலும் வடிகட்டினால் விளம்பரத்தைக் காட்ட ஆள் மிஞ்சாது. பெண்கள், வயது 22 முதல் 50 என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஊருக்கு ஒரு விளம்பரத் தொகுதி என்று மூன்றாகப் பிரிக்கவும் ஆசை வந்தது. ஒரு தொகுதி கற்றல் நிலையைத் தாண்ட வாரத்துக்குச் சுமார் 50 முடிவுகள் தேவை. எங்களுக்கு 12 நாளில் கிடைத்தது 104 உரையாடல், வாரத்துக்கு 60 அளவில். மூன்றாகப் பிரித்திருந்தால் ஒவ்வொன்றும் 20இல் நின்றிருக்கும், யாரிடம் காட்டுவது என்று இயந்திரம் கற்றுக்கொள்வதற்குள் பணம் முடிந்திருக்கும். நாளுக்கு 1,000 ரூபா வைத்திருப்பவருக்கு ஒரே தொகுதிதான்.

அந்த 104 உரையாடலைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். திரையில் Messaging conversations started என்று தெரிவது இதுதான், ஒன்று சுமார் 115 ரூபா. விளம்பரத்தைத் தொட்டதும் வாட்ஸ்அப்பில் ஒரு வசனம் தயாராக நிற்கும், அனுப்பு என்பதை அழுத்தினால் போதும். அதை அழுத்திவிட்டு, நாங்கள் பதில் போட்ட பிறகு மூச்சே விடாதவர்கள் 37 பேர். மிச்சம் 67 பேரில் பலர் விலை கேட்டுவிட்டு மறைந்தார்கள். கடைக்கு வந்தவர்கள் 19, ஓடர் கொடுத்தவர்கள் 15. அந்த 15இல் நான்கு பேர் அக்காவின் பழைய வாடிக்கையாளர்கள், கொப்பியில் அவர்களுடைய அளவு ஏற்கெனவே இருந்தது. விளம்பரம் இல்லாமலும் வந்திருப்பார்கள். அவர்களைக் கழித்தால் புது ஓடர் 11, ஒன்றுக்கு ஏறக்குறைய 1,090 ரூபா. நூல், லைனிங், உதவிக்கு நிற்கும் பிள்ளையின் கூலி எல்லாம் போக ஒரு ஓடரில் சராசரியாக 1,700 ரூபா நிற்கும். 11 ஓடருக்கு 18,700, விளம்பரம் 12,000, மிச்சம் 6,700.

மிச்சம் இன்னும் கூடியிருக்கலாம். முதல் ஐந்து நாள் விளம்பரத்தில் விலையைப் போடவில்லை. தோட்டத்துப் பெண்கள் வேலை முடிந்து, சமைத்து, பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போனை எடுப்பது இரவு ஏழு மணிக்கு மேல். செய்திகள் வந்ததும் ஏழுக்கும் பத்துக்கும் இடையில்தான். அக்கா அந்நேரம் மெஷினில் இருப்பார். "தம்பி, நான் தைக்கிறதா, இதுக்கெல்லாம் பதில் சொல்றதா?" என்று ஒருநாள் கோபமாகவே கேட்டார். மறுநாள் காலையில் நாங்கள் பதில் போட்டவர்களில் கடைக்கு வந்தவர்கள் மிகக் குறைவு. ஆறாம் நாளிலிருந்து இரண்டு மாற்றம் செய்தோம். விளம்பரத்திலேயே "ப்ளவுஸ் தையல் 1,500 ரூபாவிலிருந்து, ஓடர் எடுப்பது 20ஆம் திகதி வரை மட்டும்" என்று எழுதினோம். வாட்ஸ்அப் பிசினஸில் மூன்று பதில்களை முன்கூட்டியே எழுதி வைத்தோம்: விலை, கடைக்கு வரும் வழி, கடைசி நாள். அதன் பிறகு உரையாடல் ஒன்றின் விலை கூடியது, சும்மா கேட்பவர்கள் குறைந்தார்கள், 15 ஓடரில் 11 அந்த ஏழு நாளில்தான் வந்தன. திரையை மட்டும் பார்த்திருந்தால் விலை ஏறிவிட்டதே என்று பயந்து பழையபடி மாற்றியிருப்பேன். ஆனால் நடுவில் சம்பளமும் வந்தது, எவ்வளவு சம்பளத்தால், எவ்வளவு அந்த மாற்றத்தால் என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை.

கொழும்பு விளம்பரம் அக்காவின் யோசனை. "தீபாவளிக்குச் சாரி எடுத்துக் குடுக்கிறதே கொழும்புல வேலை செய்யிற புள்ளைகள்தானே" என்றார். சரி என்று 6,000 ரூபாவை ஒதுக்கினோம். செப்டெம்பர் 30 முதல் ஆறு நாள், கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தை மூன்று இடத்திலும் ஊசி குத்திச் சின்ன வட்டங்கள், ஆண் பெண் இரு பாலாருக்கும். அங்கே இருக்கும் ஆயிரக்கணக்கானோரில் நம்மூர் ஆள் யார் என்று எந்தத் தேர்வும் காட்டாது. அந்த வேலையை வாசகத்தின் முதல் வரி செய்தது: "தீபாவளிக்கு ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைக்கு வீட்டுக்குப் போறீங்களா? அம்மாவின் ப்ளவுஸ் தைச்சு ரெடியா இருக்கும்." சம்பந்தமில்லாதவர் அந்த வரியிலேயே போய்விடுவார்.

வந்த உரையாடல் 38, ஒன்றுக்கு 158 ரூபா. ஹட்டனைவிடக் கூடுதல். ஆனால் ஓடர் ஏழு, ஒன்றுக்கு 857 ரூபாதான். ஏழில் மூன்று, அம்மா, அக்கா, தங்கை என்று ஒரே வீட்டுக்கு மூன்று நான்கு ப்ளவுஸ். ஏழிலும் சேர்த்து அக்காவுக்கு நின்றது 16,500, விளம்பரச் செலவு போக 10,500. அளவு எடுப்பது எப்படி என்பதுதான் பயமாக இருந்தது. பணம் போட்டது மகன், தைத்துக்கொள்ளப்போவது தோட்டத்தில் இருக்கும் அம்மா. அம்மா நகரத்துக்கு வரும்போது பொருத்தமான பழைய ப்ளவுஸ் ஒன்றை அளவுக்குக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னோம். சாரித் துணியைக் கொழும்பிலிருந்து பஸ்ஸில் அனுப்பிவிட்டார்கள். ஒரு ப்ளவுஸ் மட்டும் தோளில் இறுக்கமாகி, பிரித்துத் தைக்க வேண்டி வந்தது. பாதிப் பணம் முன்பணமாக அனுப்பினால்தான் கத்தரி வைப்பது என்று அக்கா உறுதியாக இருந்ததால் ஓடரைக் கைவிட்டவர் யாரும் இல்லை.

நோட்டீஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு, ஒக்டோபர் 13, ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்று கொடுத்தோம். அச்சடிக்கவும் கொடுத்த பையனுக்கும் சேர்த்து 4,000. ஓடர் நான்கு, மிச்சம் 2,800. நான்கு பேரும் 45 வயதைத் தாண்டியவர்கள், அவர்களைப் பேஸ்புக் விளம்பரம் எட்டியிருக்குமா என்பது சந்தேகம். பணம் குறைவாக இருப்பவர்கள் இதை இளக்காரமாக நினைக்க வேண்டாம்.

ஓர் உரையாடலின் விலையை வைத்துப் பார்த்தால் ஹட்டன் முன்னுக்கு, கொழும்பு பின்னுக்கு. லைக்கை வைத்துப் பார்த்தால் முகவர்தான் எல்லாருக்கும் முன்னுக்கு. கொப்பியை வைத்துப் பார்த்தால் கொழும்பு முதலாவது, ஓர் ஓடருக்கு ஆன செலவில் நோட்டீஸும் ஹட்டனும் கிட்டத்தட்டச் சமம், முகவர் வழி 6,600 ரூபா நட்டம். நான்கையும் கூட்டினால் 32,000 போட்டு 13,400 மிஞ்சியிருக்கிறது.

அந்த 13,400ஐயும் அப்படியே நம்பாமல் இன்னொரு சோதனை செய்தேன். 2023 தீபாவளிக்கு முந்திய ஐந்து வாரத்தில், விளம்பரமே இல்லாமல், கொப்பியில் 38 ஓடர். 2024இல் அதே ஐந்து வாரத்தில் 60. கூடியது 22. நிறத்தை வைத்து நாங்கள் விளம்பரத்தின் கணக்கில் எழுதியது 28, பழைய வாடிக்கையாளர் நால்வரைக் கழித்தால் 24. ஆகவே குறைந்தது இரண்டு பேராவது எப்படியும் வந்திருப்பார்கள். அதோடு, அந்த செப்டெம்பரில்தான் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தது. கூடிய 22 ஓடரில் கொஞ்சம் அந்தச் சம்பளத்தால் வந்ததாகவும் இருக்கலாம். அதனால் யாராவது கேட்டால், 13,400 லாபம் என்று சொல்வதில்லை. "அதற்கு மேல் இல்லை, குறைவாக இருக்கலாம்" என்றுதான் சொல்கிறேன்.

இனி, எதைத் தேர்வது? 5,000 ரூபாதான் இருக்கிறது என்றால் ஹட்டன் வகை விளம்பரத்தை ஐந்து நாள் மட்டும், சம்பளத்துக்கு மறுநாளிலிருந்து ஓட்டுங்கள், விலையை முதல் நாளிலேயே போடுங்கள். 10,000க்கு மேல் இருந்து, உங்கள் பொருள் கொழும்புப் பிள்ளைகள் வீட்டுக்கு வாங்கிக் கொடுக்கக்கூடியது என்றால், பாதியை அங்கே போடுங்கள். தேநீர்க்கடை, சலூன் போன்று ஆள் நேரில் வந்தே ஆக வேண்டிய தொழிலுக்குக் கொழும்பு வேண்டாம். இரவில் பதில் சொல்ல ஆள் இல்லாதவர் வாட்ஸ்அப் விளம்பரத்துக்குப் போக வேண்டாம், நோட்டீஸ் போதும்.

கார்டு இல்லாதவர்கள் பெரும்பாலும் முகவரிடம்தான் போக வேண்டியிருக்கும். அப்படிப் போனால் நான்கு விஷயத்தை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். விளம்பரத்தின் நோக்கம் வாட்ஸ்அப் செய்தியாக இருக்க வேண்டும், லைக் வேண்டாம். இடத்தை நீங்கள் சொல்வீர்கள். பேஸ்புக் பக்கத்தின் கடவுச்சொல்லைக் கொடுக்க மாட்டீர்கள், பக்கத்தில் அவருக்கு அனுமதி மட்டும் கொடுப்பீர்கள். கடைசியாக, அறிக்கையில் செலவான டொலர், உரையாடல் எண்ணிக்கை, ஓடிய நாட்கள் மூன்றும் வெட்டாமல் தெரிய வேண்டும். எங்களுக்கு வந்த ஸ்க்ரீன்ஷொட்டில் செலவுப் பகுதி வெட்டப்பட்டிருந்தது. கேட்ட பிறகு அனுப்பினார், கணக்கும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கேட்க வேண்டும் என்று எனக்கு அப்போது தெரிந்ததே தற்செயல்.

பொங்கலுக்கு ஹட்டன் விளம்பரத்தை அப்படியே ஓட்ட முடியாது என்பதைப் பிறகுதான் யோசித்தோம். பேஸ்புக் ஓர் இடத்தைத் தேர்ந்தால் அங்கே வசிப்பவரோடு அண்மையில் அங்கே இருந்தவரையும் சேர்த்துக்கொள்ளும். டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்கள் ஹட்டன் வழியாகவும் ஆயிரக்கணக்கில் போகிறார்கள், அத்தனை பேரும் எங்கள் வட்டத்துக்குள் வந்து போவார்கள். அவர்களுக்கு விளம்பரம் காட்டவும் பணம் போகும். அதனால் நகரத்தின் பெயரில் 17 கிலோமீற்றர் வட்டத்தை எடுத்துவிட்டு, கொட்டகலை, தலவாக்கலை, பொகவந்தலாவை மூன்றிலும் ஊசி குத்திச் சின்ன வட்டங்களாகப் போட்டிருக்கிறேன். மூன்றும் ஒரே தொகுதிக்குள்தான். ஹட்டன் நகரத்தையும் நல்லதண்ணி வீதியையும் வெளியே விட்டுவிட்டேன். அக்கா இந்த முறைக்கு ஒரு ஊதா ப்ளவுஸ் தைத்துப் படம் எடுக்கக் கொடுத்திருக்கிறார், கொப்பியில் புது எழுத்து ஊ.